ஈபிஎப் கூற்றில் விடுபட்ட மாதங்களும் குறைத்துக் காட்டிய சம்பளமும்: திருகோணமலையில் கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சம்பளக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால், ஈபிஎப் என்கிற ஊழியர் சேமலாப நிதியின் கணக்குக் கூற்றோடு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்பவர்கள், நகரத்துக் கடைகளில் நிற்பவர்கள், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வேலைக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றையேதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஓய்வூதியம் இல்லாத தனியார் துறை ஊழியருக்கு முதுமையில் கையில் மிஞ்சும் பெரிய தொகை பெரும்பாலும் இந்த ஈபிஎப் காசு ஒன்றுதான். அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கின்றன.

அக்கா, இந்தியாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் பிஎஃப் பாஸ்புக்கை ஃபோனிலேயே பார்க்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இருக்கா?

இங்கே பாஸ்புக்கின் இடத்தில் இருப்பது உறுப்பினர் கணக்குக் கூற்று. ஊழியர் சேமலாப நிதியின் பணத்தையும் கணக்குகளையும் வைத்திருப்பது இலங்கை மத்திய வங்கி. கூற்றை அது தயாரித்து, பெரும்பாலும் நீங்கள் வேலை செய்யும் இடத்தின் வழியாக அனுப்புகிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. கூற்று வந்து கந்தோர் லாச்சிக்குள் வருடக்கணக்காகக் கிடப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பணம் கட்டாத முதலாளிக்கு அதைக் கொடுக்க அவசரம் இருக்காது. எனவே முதலில் உங்கள் கந்தோரில் பெயர் சொல்லி, எந்த வருடத்துக்குரியது என்றும் சொல்லிக் கேளுங்கள்.

அங்கே கிடைக்காவிட்டால் அடையாள அட்டையோடு மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். திருகோணமலையிலேயே ஒன்று இருப்பதால் கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. கைத்தொலைபேசி எண்ணைப் பதிந்துகொண்டால் `www.epf.lk` தளத்தின் வழியாகவும் கணக்கைப் பார்க்கலாம். போகும்போது உங்கள் ஈபிஎப் இலக்கத்தை முழுதாக எழுதிக்கொண்டு போங்கள். அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று நிறுவனத்துக்குரிய தொழில்தருநர் இலக்கம், மற்றது அந்த நிறுவனத்தில் உங்களுக்குக் கொடுத்த உறுப்பினர் இலக்கம். நம் நாட்டில் வேலை மாறினால் இந்த இரண்டுமே மாறும். மூன்று இடத்தில் வேலை செய்தவருக்கு மூன்று கணக்கு இருப்பது வழமை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் காசு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

கூற்று கையில் இருக்கு. ஒரே இலக்கமாக இருக்கு, ஒன்றும் விளங்கவில்லை. எங்கே இருந்து தொடங்குவது?

மொத்த மீதியையும் வட்டியையும் முதலில் விடுங்கள். மீதி பெரிதாகத் தெரிந்தால் மனம் ஆறிவிடும், பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். மாதப் பங்களிப்பை மட்டும் பாருங்கள்.

சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8% பிடிக்கப்படும். முதலாளி தன் பணத்தில் 12% போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 20%, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மாதத்துக்கு எதிரே இருக்கும் முழுப் பங்களிப்பையும் 5-ஆல் பெருக்குங்கள். வருகிற தொகைதான் உங்கள் சம்பளம் என்று முதலாளி எழுதிக் கொடுத்தது. 6,000 ரூபாய் வந்திருந்தால் 30,000 என்று காட்டியிருக்கிறார். 4,000 வந்திருந்தால் 20,000 என்று காட்டியிருக்கிறார். அதை அந்த மாதச் சம்பளச் சிட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு பெருக்கலிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

சிட்டை இல்லாமலும் ஒரு சோதனை செய்யலாம். 2025 ஏப்ரலிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். முழு மாதமும் வேலை செய்த ஒருவருக்கு 2025 ஏப்ரலுக்குப் பிறகு 5,400-க்குக் குறைவாகவோ, 2026 ஜனவரிக்குப் பிறகு 6,000-க்குக் குறைவாகவோ பங்களிப்பு வந்திருந்தால், வேறெதையும் பார்க்காமலே பிழை என்று சொல்லிவிடலாம்.

20 வீதம் என்றால் எதில் 20 வீதம்? அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்தான் என்று எங்கள் மனேஜர் சொல்கிறார்.

அவர் சொல்வது பிழை. அதிகம் ஏமாற்றப்படுவதும் இந்த இடத்தில்தான். 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அடிப்படைச் சம்பளத்தோடு நிற்கவில்லை. வாழ்க்கைச் செலவுப் படியும் அதுபோன்ற மற்றப் படிகளும், விடுமுறை நாட்களுக்குக் கொடுக்கும் சம்பளமும், சாப்பாட்டுப் படியும் ஈபிஎப் கணக்கிட வேண்டிய உழைப்பூதியத்துக்குள் வரும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அரசாங்கம் சட்டம் போட்டுக் கூட்டிய வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி தனியாகக் கொடுக்கப்பட்ட மாதங்களில் அதுவும் கணக்கில் சேரும். கமிஷனுக்கும், துண்டு வேலைக்குக் கிடைக்கும் கூலிக்கும் ஈபிஎப் உண்டு.

ஹோட்டல் வேலைக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். குறித்துரைக்கப்பட்ட தொழில்களில் முதலாளி காசாக இல்லாமல் சமைத்த சாப்பாடாகவோ அரிசி சாமானாகவோ கொடுத்தால், அதன் பெறுமதியும் உழைப்பூதியத்தில் சேரும். பெறுமதியை முதலில் போடுவது முதலாளி. அது குறைவாக இருந்தால் தொழில் ஆணையாளர் அதைத் திருத்தலாம். மூன்று வேளையும் ஹோட்டலிலேயே சாப்பிடுகிற சமையலறைப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

ஓவர்டைம் காசுக்கு ஈபிஎப் இல்லை. நீங்கள் செலவழித்ததற்குத் திருப்பித் தரும் பயணச் செலவுக்கும் இல்லை. வருட முடிவில் விருப்பத்தின் பேரில் கொடுக்கும் போனஸும் இதில் வராது. இன்சென்டிவ் என்ற பெயரில் வருவது இழுபறியான இடம். மாதாமாதம் ஒரே தொகை, எல்லாருக்கும் வருகிறது, வேலையோடு சம்பந்தப்பட்ட நிபந்தனை ஒன்றும் இல்லை என்றால் அது பெயரை மாற்றி வைத்த சம்பளம் என்பது என் எண்ணம். அதை ஒரு கேள்வியாகத் தொழில் உத்தியோகத்தர் முன் வைக்கலாம். ஆனால் உங்கள் முறைப்பாட்டின் முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றாதீர்கள். சட்டத்தில் பெயரோடு இருக்கும் படிகளை முதலில் நிறுவுங்கள்.

ஒருவருடைய கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுவீர்களா? அப்போதுதான் எங்களுக்கும் விளங்கும்.

கடற்கரைப் பக்க ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த ஒரு தங்கச்சியின் கணக்கைப்போல, 2023-ஆம் ஆண்டுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் காண முடியாதபடி தொகைகளை மாற்றியிருக்கிறேன். நடந்த விதத்தை மாற்றவில்லை.

அவருடைய சம்பளச் சிட்டையில் அடிப்படை 30,000, நிவாரணப் படி 3,500, சாப்பாட்டுப் படி 4,500, அதற்குக் கீழே மாதாமாதம் மாறுகிற ஓவர்டைம். கழிவுப் பக்கத்தில் ஈபிஎப் 3,040 என்று இருந்தது. ஓவர்டைமை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 38,000. அதில் 8% சரியாக 3,040. அப்படியென்றால் சிட்டையைத் தயாரித்தவருக்கு எந்தத் தொகைக்கு ஈபிஎப் பிடிக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதைக் குறித்து வையுங்கள், பிறகு வேலைக்கு ஆகும். முதலாளியின் 12% பங்கு 4,560. இரண்டும் சேர்ந்து மாதம் 7,600 கணக்கில் விழுந்திருக்க வேண்டும்.

கூற்றில் இருந்தது வேறு. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்றும் வெறுமை. ஏப்ரலிலிருந்து 6,000, 6,000 என்று போகிறது. ஒக்டோபரில் மட்டும் 5,200. பிறகு நவம்பரில் மறுபடி 6,000. டிசம்பர் இல்லை.

6,000-ஐ 5-ஆல் பெருக்கினால் 30,000. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பிடித்தது 38,000-க்கு. 30,000-க்கு ஊழியர் பங்கு 2,400 மட்டும்தான். மாதம் 3,040 பிடித்துவிட்டு 2,400 கட்டினால், அவருடைய சம்பளத்திலிருந்தே 640 ரூபாய் நடுவில் நின்றுவிட்டது. முதலாளி பங்கிலும் 4,560-க்குப் பதில் 3,600 கட்டியதில் 960 குறைவு. இரண்டும் சேர்ந்து மாதம் 1,600.

ஒக்டோபரின் 5,200-ஐக் கண்டதும் அந்தத் தங்கச்சிக்குக் கோபம் வந்தது. சிட்டையைப் பார்த்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று 4 நாள் நோ பே. அடிப்படையில் நாளுக்கு 1,000 வீதம் 4,000 கழித்து 26,000. அதில் 20% 5,200. ஆகவே அந்தக் குறைவுக்குக் காரணம் உண்டு. ஆனாலும் படிகளைச் சேர்த்தால் 34,000-க்கு 6,800 வந்திருக்க வேண்டும். அங்கேயும் குறை அதே 1,600. கூற்றில் ஒரு மாதம் மட்டும் இறங்கியிருந்தால் முதலில் நோ பே நாட்களைப் பாருங்கள். நியாயமான காரணம் இருக்கும் ஒன்றை முறைப்பாட்டில் போட்டால் மற்ற உண்மைகளுக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

டிசம்பர் அடுத்த வருடக் கூற்றில் 6,000 என்று வந்திருந்தது. ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். ஆக ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை 9 மாதம், மாதம் 1,600 வீதம் 14,400. வெறுமையான 3 மாதத்துக்கு 7,600 வீதம் 22,800. மொத்தம் 37,200 ரூபாய். அதில் 14,880 அவருடைய சம்பளத்தில் பிடித்து வைத்த காசு, மீதி 22,320 முதலாளி போட வேண்டிய பங்கு. இது ஒரே வருடக் கணக்கு. இதற்கு ஏற வேண்டிய வட்டியைச் சேர்க்கவில்லை.

மூன்று மாத வெறுமைக்கு ஹோட்டலில் சொன்ன காரணம், சீசன் இல்லாத காலத்தில் ஈபிஎப் கட்டுவதில்லை என்பது. வாடைக்காற்றுக் காலத்தில் இந்தக் கடற்கரைக்கு ஆள் வரத்துக் குறைவது உண்மைதான். சட்டத்துக்கு அது தெரியாது. சம்பளம் கொடுத்த மாதத்துக்கு ஈபிஎப் உண்டு. அந்த மூன்று மாதச் சிட்டையிலும் 3,040 பிடித்தே இருந்தது.

வருடக் கடைசியில் டிசம்பர் மாதம் காணவில்லை. பயப்பட வேணுமா?

இல்லை. ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டினால் போதும். டிசம்பர்ப் பணம் ஜனவரியில் போகும், ஆகவே அடுத்த வருடக் கூற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெப்ரவரிக்குப் பிறகும் இணையத்தில் வரவில்லை என்றால் கேளுங்கள்.

நடுவில் இரண்டு மாதம் இல்லை. முதலாளி கட்டிவிட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறார். யாரை நம்புவது?

இரண்டு பேருமே உண்மை சொல்லலாம். பணம் போயும் உங்கள் கணக்கில் விழாமல் இருக்க வழி உண்டு.

முதலாளி மாதாமாதம் பணத்தோடு 'சி' படிவம் என்ற விபரத்தை அனுப்ப வேண்டும். அதில் ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், உறுப்பினர் இலக்கம், சம்பளம், இரண்டு பங்குகள் எல்லாம் வரிசையாக இருக்கும். இந்த வரியில் ஓர் இலக்கம் மாறினாலும் பணம் உங்கள் பெயரில் சேராமல் நிற்கும், அல்லது வேறொருவரின் கணக்கில் ஏறும். நான் பார்த்ததில் அதிகமானது அடையாள அட்டைக் குழப்பம். பழைய அட்டையில் 9 இலக்கமும் பின்னால் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் 12 இலக்கமும் இருக்கும். புது அட்டை எடுத்தவருக்குப் பாதி மாதங்கள் பழைய இலக்கத்திலும் மீதி புதிய இலக்கத்திலும் போயிருக்கும். கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களுக்கும், சிட்டையில் ஒரு விதமாகவும் அட்டையில் வேறு விதமாகவும் எழுத்துக்கூட்டப்பட்ட பெயர்களுக்கும் இதே கதை.

இன்னொரு காரணம் நிறுவனம் கைமாறுவது. புது முதலாளி புதிய தொழில்தருநர் இலக்கம் எடுத்திருந்தால், அந்த மாதத்திலிருந்து உங்கள் பணம் புதிய இலக்கத்தின் கீழ் வேறு கணக்காகப் போகும். பழைய கூற்றில் அது தெரியாது.

எனவே முதலாளியிடம் சண்டை பிடிக்காமல் அந்த இரண்டு மாதத்துக்குமான 'சி' படிவத்தின் பிரதியையும், பணம் கட்டிய பற்றுச்சீட்டையும் கேளுங்கள். உண்மையில் கட்டியவர் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவார். பிரதி கிடைத்ததும் உங்கள் வரியில் விரலை வைத்து அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால், அதைத் திருத்தும்படி முதலாளியின் கடிதமும் உங்கள் அடையாள அட்டைப் பிரதியும் சேர்த்து மத்திய வங்கிக்குக் கொடுக்க வேண்டும். பிரிந்து கிடக்கும் கணக்குகளை ஒன்றாக்கவும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். படிவமும் பற்றுச்சீட்டும் நாளை, நாளை என்று இழுபட்டால் அந்த இழுபறியே உங்களுக்குப் பதில்.

நான் சேர்ந்தது தை மாதம். ஈபிஎப் ஆடியில்தான் தொடங்கியிருக்கு. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்கிறார்கள்.

தகுதிகாண் காலத்துக்கு விலக்கு இல்லை. நிரந்தரம், தற்காலிகம், நாட்சம்பளம் என்ற வேறுபாடும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும். ஒரே ஓர் ஊழியர் இருக்கும் கடைக்கும் இது பொருந்தும். எனக்கு ஈபிஎப் வேண்டாம், சம்பளத்தைக் கூட்டித் தாருங்கள் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் முதலாளியின் கடமை போகாது. அந்த ஆறு மாதத்தையும் விடுபட்ட மாதங்களாகவே எழுதுங்கள். சேர்ந்த திகதியை நிறுவ நியமனக் கடிதம் இருந்தால் மிகவும் நல்லது.

எங்கள் இடத்தில் சம்பளச் சிட்டையே தருவதில்லை. காசைக் கவரில் வைத்துத் தருகிறார்கள். எதைக் காட்டுவது?

இது கடினமான நிலைதான், ஆனாலும் கை வெறுமையாக இல்லை. வங்கியில் சம்பளம் விழுந்தால் வங்கிப் புத்தகமே பெரிய சாட்சி. கவரில் வாங்குகிறவர்கள், கவரின்மேல் எழுதியிருக்கும் தொகையோடு அதைப் படம் எடுத்து வையுங்கள். வரவு அட்டை, விரல் பதியும் மெஷினின் பதிவு, ஃபோனில் வரும் வேலை நேர அட்டவணை, நியமனக் கடிதம், சீருடைக்குக் காசு பிடித்த துண்டு எல்லாம் நீங்கள் அந்த மாதம் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்குச் சான்று.

சம்பளம் எவ்வளவு என்று நிறுவ, உங்களோடு கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம் உதவும். ஒரே வேலை, ஒரே சம்பளம் என்று நாலு பேர் சொன்னால் அதை ஒதுக்கிவிட முடியாது. தொழில் உத்தியோகத்தருக்கு நிறுவனத்துக்குள் போய்ச் சம்பளப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் உண்டு. பதிவேடு வைத்திருக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. சிட்டை இல்லை என்பதற்காக முறைப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

மத்திய வங்கிக்குப் போனால் தொழில் கந்தோருக்குப் போ என்கிறார்கள். அங்கே போனால் இங்கே அனுப்புகிறார்கள். உண்மையில் எங்கே போக வேணும்?

பிழை எந்த வகை என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். பணம் போயிருக்கிறது ஆனால் தவறான பெயரில், தவறான இலக்கத்தில் நிற்கிறது என்றால் மத்திய வங்கி. பணமே போகவில்லை, அல்லது குறைந்த சம்பளத்துக்குப் போயிருக்கிறது என்றால் தொழில் திணைக்களம். கணக்கு வைத்திருப்பது வங்கி, முதலாளியிடம் அறவிடும் அதிகாரம் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு. இரண்டும் கலந்திருந்தால் முதலில் வங்கியில் கூற்றைப் பெற்று, பணம் வேறெங்கும் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிறகு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முறை மாறிப் போகிறவர்கள்தான் அலைக்கழிகிறார்கள்.

முறைப்பாட்டைக் கதையாக எழுத வேண்டாம். மேலே சொன்ன தங்கச்சிக்காக எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

> நான் மேற்படி நிறுவனத்தில் 2021-ஆம் ஆண்டிலிருந்து சமையல் உதவியாளராக வேலை செய்கிறேன். 2023 ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சம்பளத்தில் ஈபிஎப் பிடிக்கப்பட்டும் கணக்கில் வைப்பிலிடப்படவில்லை. 2023 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 38,000 ரூபாய் சம்பளத்துக்கு (ஒக்டோபரில் 34,000) ஈபிஎப் பிடிக்கப்பட்டு, 30,000 ரூபாய்க்கு (ஒக்டோபரில் 26,000) மட்டும் பங்களிப்புச் செலுத்தப்பட்டுள்ளது. இத்துடன் 12 மாதச் சம்பளச் சிட்டைகளினதும் கணக்குக் கூற்றுகளினதும் பிரதிகளை இணைத்துள்ளேன்.

இதற்குக் கீழே மாதம், சிட்டையில் உள்ள சம்பளம், வர வேண்டியது, வந்தது, குறை என்று ஓர் அட்டவணை. தொழில்தருநர் இலக்கமும் உங்கள் உறுப்பினர் இலக்கமும் கட்டாயம். மூலப் பிரதிகளை ஒருபோதும் கையளிக்காதீர்கள். கொடுத்த கடிதத்தின் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

உத்தியோகத்தர் முதலாளியை அழைப்பார், பதிவேடுகளைப் பார்ப்பார், நிலுவையைக் கணிப்பார். பிந்திக் கட்டும் பணத்துக்கு மிகைக்கட்டணம் உண்டு. சில நாள் பிந்தினால் 5%, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50% வரை ஏறும். பல முதலாளிமார் இந்தக் கட்டத்திலேயே கட்டிவிடுகிறார்கள். கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அறவிடலாம். அந்தக் கட்டத்துக்குப் போனால் நீண்ட நாள் எடுக்கும். அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

நிலுவையைக் கட்டச் சொன்னால் என் 8 வீதத்தை மறுபடி என் சம்பளத்தில் பிடிப்பார்களா?

ஏற்கெனவே பிடித்ததை இன்னொரு முறை பிடிப்பதற்கு இடமே இல்லை. சம்பளம் கொடுக்கும் நேரத்தில் பிடிக்காமல் விட்டிருந்தாலும் பிறகு அதை உங்களிடம் அறவிட முடியாது. அந்த மாதங்களுக்கு முழு 20 வீதத்தையும் முதலாளியே கட்ட வேண்டும். முதலாளியின் 12 வீதத்தை உங்கள் சம்பளத்தில் கழிப்பதும் சட்டவிரோதம். சிட்டையில் ஈபிஎப் என்று 20% கழிந்திருக்கும் கடைகளும் உண்டு. அதனால் கழிவுத் தொகையையும் ஒரு முறை வகுத்துப் பாருங்கள்.

ஈடிஎப்பையும் இப்படிப் பார்க்க வேணுமா?

பாருங்கள். ஊழியர் நம்பிக்கை நிதி வேறு சபை, வேறு கூற்று. முதலாளி மட்டும் 3% கட்டுவது, உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. மாதத் தொகையை 3-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் காட்டிய சம்பளம் வரும். மேலே சொன்ன கணக்கில் 38,000-க்கு 1,140 வர வேண்டியது, 900 வந்திருந்தால் அங்கேயும் 30,000 என்றே எழுதியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே குறைந்த தொகை இருந்தால், அது தட்டச்சுப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

அக்கா, முறைப்பாடு கொடுத்தால் வேலையை விட்டு நிப்பாட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கு.

பயம் நியாயமானது. பெயரை வெளியிட வேண்டாம் என்று தொழில் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவர் நிறுவனம் முழுவதின் பதிவேடுகளையும் பார்த்தால் ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டுவது கடினம். ஆனால் ஆறு பேர் வேலை செய்யும் கடையில் யார் கொடுத்தது என்று ஊகித்துவிடுவார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்படியான இடத்தில் ஆறு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதுதான் பாதுகாப்பு. குறைத்துக் கட்டும் முதலாளி பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படித்தான் செய்திருப்பார், ஆகவே சேர்வதற்கு ஆள் கிடைக்கும். எல்லாரும் தங்கள் கூற்றை எடுத்து, 5-ஆல் பெருக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

அதுவும் முடியாது, இப்போதைக்கு வேலையை விட முடியாத நிலை என்றால், சான்றுகளைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். சிட்டைகளை வீட்டில் வையுங்கள், வேலை இடத்து லொக்கரில் வேண்டாம். வெப்பத் தாளில் அச்சடித்த சிட்டை சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்தை விட்டு மூன்று வருடமாகிவிட்டது. 50 வயது ஆனதும் காசை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்தானே?

வேலையை விட்டதால் பழைய முதலாளியின் கடன் அழிவதில்லை, இன்றைக்கும் முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் காத்திருப்பதில் இழப்பு உங்களுக்குத்தான். பணம் கணக்கில் இல்லாத ஒவ்வொரு வருடமும் அதற்குரிய வட்டியும் இல்லை. ஹோட்டல் கைமாறும், பதிவேடு தொலையும், கணக்கு எழுதியவர் வெளிநாடு போவார், சாட்சி சொல்லக் கூடியவர்களின் ஃபோன் எண் மாறும். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் பணத்தை எடுக்க விண்ணப்பிக்கும்போது கணக்கில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். இருந்திருக்க வேண்டியதை அங்கே யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

பழைய இடம் பூட்டிக் கிடந்தாலும் அதன் தொழில்தருநர் இலக்கத்தைத் தேடி எடுங்கள். பழைய கூற்று, சேர்ந்தபோது தந்த 'பி' அட்டை, பழைய சம்பளச் சிட்டை இவற்றில் ஏதாவது ஒன்றில் இருக்கும். உங்களிடம் இல்லாவிட்டால் அங்கே கூட வேலை செய்தவரிடம் கேளுங்கள், நிறுவனத்தின் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த இலக்கத்தோடும் அடையாள அட்டையோடும் மத்திய வங்கிப் பிராந்திய அலுவலகத்துக்குப் போய், வேலை செய்த எல்லா வருடத்துக்குமான விபரத்தையும் ஒன்றாகக் கேளுங்கள்.